புல் ரிக்வெஸ்ட்டுக்கு நாலு வரிசை மதிப்பீடு: எங்கள் டீமில் வந்த கேள்விகளும் பதில்களும்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்தெருவில் ஒரு துணிக்கடையின் மாடியில் நாங்கள் ஆறு பேர் வேலை செய்கிறோம். மணலி, திருவொற்றியூர் பக்கம் இருக்கும் கன்டெய்னர் யார்டுகளுக்கு பில் போடும் மென்பொருள்தான் எங்கள் வேலை. ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டையும் வாசிப்பு எளிமை, சரித்தன்மை, டெஸ்ட், பராமரிப்பு என்று நாலு வரிசையில் 0, 1, 2 மதிப்பெண் கொடுத்துப் பார்க்கிறோம். புதிதாகச் சேர்ந்தவர்களும் பக்கத்து டீம்காரர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சு முழுக்க ஒரே ஃபங்ஷனைச் சுற்றித்தான் போகும். யார்டில் நிற்கும் கன்டெய்னருக்கு வாடகை கணக்கிடும் ஃபங்ஷன் அது.

நாலுக்கும் மார்க் போட்டுக் கூட்டி, எட்டுக்கு ஆறு வந்தால் மெர்ஜ் பண்ணலாம் என்று வைத்தால் என்ன?

முதல் மூன்று மாதம் அப்படித்தான் வைத்திருந்தோம். அதனால்தான் ஒரு தப்பு பில் வெளியே போனது. வாசிக்க அருமையாக இருந்தது, டெஸ்ட் இருந்தது, அமைப்பும் நன்றாக இருந்தது, மூன்றுக்கும் இரண்டு இரண்டு விழுந்தது. சரித்தன்மையில் பூஜ்யம். கூட்டினால் ஆறு, விதிப்படி மெர்ஜ் ஆகிவிட்டது. அழகாக எழுதப்பட்ட தப்புக் கணக்கு வாடிக்கையாளர் கைக்குப் போனது.

இப்போது கூட்டுவதே கிடையாது. எந்த வரிசையில் 0 விழுந்தாலும் கிட்ஹப்பில் `Request changes`. 1 என்றால் மெர்ஜ் செய்யலாம், ஆனால் என்ன குறை என்று ஒரு வரி எழுத வேண்டும். 2 என்றால் சொல்ல ஒன்றுமில்லை. 0 போடும் ரிவ்யூவர் எந்த வரி, எந்த உள்ளீட்டுக்கு என்ன தப்பு நடக்கும் என்று காட்ட வேண்டும். காட்ட முடியவில்லை என்றால் அது 1தான்.

முதலில் எந்த வரிசையைப் பார்க்கணும்? மேலேயிருந்து கீழே படித்துக்கொண்டே போகலாமா?

சரித்தன்மை, டெஸ்ட், பராமரிப்பு, கடைசியாக வாசிப்பு எளிமை. மேலேயிருந்து படித்தால் கண்ணில் முதலில் படுவது வேரியபிள் பெயரும் இடைவெளியும்தான். அதற்குப் பத்து கமென்ட் எழுதி முடிப்பதற்குள் கவனம் தீர்ந்துவிடும். கணக்குத் தப்பாக இருந்தால் அந்தப் பெயர்கள் இருக்கும் வரிகளே நாளைக்கு அழியப் போகின்றன.

ஒரு விலக்கு உண்டு. படித்தும் சரியா தப்பா என்று சொல்லவே முடியாத அளவுக்குக் கோட் குழம்பியிருந்தால், அங்கேயே நிறுத்தி வாசிப்பு எளிமைக்கு 0 போட்டுத் திருப்பி அனுப்பலாம்.

சரித்தன்மைக்கு எப்படி மார்க் போடுவது? கோட் பார்த்தால் சரியாகத்தான் தெரிகிறது. நான் ஓட்டிப் பார்க்கணுமா?

ஓட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கோடைத் திறக்காமல், ஒப்பந்தத் தாளை மட்டும் வைத்து ஒரு கணக்கைக் கையால் போட்டு விடையை எழுதி வையுங்கள். கோடை முதலில் படித்தால் அதன் போக்கிலேயே மனசு போய்விடும், அது சொல்வதெல்லாம் நியாயமாகவே தெரியும்.

எங்களுக்கு வந்த கோட் இது. தொகைகளை மட்டும் எடுத்துக்காட்டுக்காக மாற்றியிருக்கிறேன்.

```python
def calc(a, b, t):
    d = (b - a).days
    if d <= 7:
        return 0
    if d <= 14:
        return (d - 7) * (600 if t == 1 else 1200)
    return 7 * (600 if t == 1 else 1200) + (d - 14) * (900 if t == 1 else 1800)
```

ஒப்பந்தம் சொல்வது இது. உள்ளே வந்த நாளும் வெளியே போன நாளும் கணக்கில் சேரும். முதல் 7 நாள் இலவசம். 8 முதல் 14ஆம் நாள் வரை 20 அடி கன்டெய்னருக்கு நாளுக்கு 600 ரூபாய், அதற்குப் பிறகு 900. 40 அடிக்கு இரண்டு மடங்கு.

இப்போது ஒரு 20 அடி கன்டெய்னர் மார்ச் 3 அதிகாலை 1:40க்கு உள்ளே வந்து, மார்ச் 10 இரவு 11:10க்கு வெளியே போகிறது என்று வையுங்கள். விரலை மடக்கி எண்ணினால் 3 முதல் 10 வரை எட்டு நாள். ஒரு நாளுக்கு வாடகை, 600 ரூபாய்.

கோட் என்ன சொல்கிறது? டேட்டாபேஸில் நேரம் யூடிசியில் இருக்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், உள்ளே வந்தது மார்ச் 2 இரவு 20:10, வெளியே போனது மார்ச் 10 மாலை 17:40. இடைவெளி 7 நாள் 21 மணி 30 நிமிடம். `.days` முழு 24 மணி நேரங்களை மட்டும் எண்ணும், மிச்சத்தை விட்டுவிடும். `d` 7 ஆகிறது, பில் பூஜ்யம். யார்டுக்கு 600 ரூபாய் நஷ்டம்.

இதைச் சொன்னதும் எழுதியவர் அரை மணி நேரத்தில் திருத்தி அனுப்பினார்: `(b.date() - a.date()).days + 1`. பார்க்க இதுவும் சரிதான். ஆனால் தேதி இன்னும் யூடிசியிலேயே எடுக்கப்படுகிறது. மார்ச் 2 முதல் 10 வரை ஒன்பது நாள், பில் 1,200. முதல் தடவை யார்டுக்கு நஷ்டம், இரண்டாம் தடவை வாடிக்கையாளருக்கு நஷ்டம். சரியான விடை நடுவில் இருக்கிறது.

```python
from zoneinfo import ZoneInfo

IST = ZoneInfo("Asia/Kolkata")

def yard_days(gate_in, gate_out):
    first = gate_in.astimezone(IST).date()
    last = gate_out.astimezone(IST).date()
    return (last - first).days + 1
```

நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரை யூடிசி தேதி நம் தேதியைவிட ஒரு நாள் பின்னால் இருக்கும். பகலில் மட்டும் கேட் திறக்கும் இடமாக இருந்தால் இந்தத் தப்பு வெளியே தெரியவே தெரியாது. நம் பக்கத்தில் டிரெய்லர்கள் ராத்திரியில்தான் வரிசையாக உள்ளே வருகின்றன. அதனால் மதிய நேரத்தை வைத்துச் சோதித்துவிட்டுச் சரி என்று சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. `gate_in` நேர மண்டலம் ஒட்டாத மதிப்பாக வந்தால், `astimezone` அதை அந்த மெஷினின் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். யூடிசியில் ஓடும் சர்வரில் விடை சரியாக வரும், நம் லேப்டாப்பில் தப்பாக வரும், யாருக்கும் காரணம் புரியாது. `gate_in.tzinfo` என்பது `None` ஆக வர வழியிருக்கிறதா என்று ரிவ்யூவர் கேட்டே ஆக வேண்டும். அதேபோல, வெளியே போன நேரம் உள்ளே வந்த நேரத்துக்கு முன்னால் தவறாகப் பதிவாகியிருந்தால்? மேலே உள்ள `calc` சத்தம் இல்லாமல் 0 திருப்பித் தரும். அந்த இடத்தில் எர்ரர் எழ வேண்டும்.

ஆக மதிப்பெண் இப்படி: கையால் போட்ட கணக்கும் கோடும் எங்காவது வேறுபட்டால் 0. நடைமுறையில் வரக்கூடிய உள்ளீடு எல்லாவற்றுக்கும் ஒத்துப்போய், கெட்ட உள்ளீட்டுக்கு மட்டும் தெளிவான பதில் இல்லை என்றால் 1. இரண்டும் இருந்தால் 2.

டெஸ்ட் எல்லாம் பச்சை, கவரேஜ் 100 சதவீதம். அதற்கும் 0 போட்டிருக்கிறீர்களே, நியாயமா?

நியாயம்தான். மேலே உள்ள `calc` வந்த புல் ரிக்வெஸ்ட்டில் மூன்று டெஸ்ட் இருந்தன. மூன்றுமே 20 அடி, காலை 10 மணிக்கு உள்ளே, இன்னொரு நாள் காலை 10 மணிக்கு வெளியே. இடைவெளி 3 நாள், 10 நாள், 20 நாள். எதிர்பார்த்த விடைகள் 0, 1,800, 9,600. ஒவ்வொரு வரியும் ஒரு தடவையாவது ஓடியது, எனவே கவரேஜ் முழுசாக வந்தது.

ஒப்பந்தப்படி கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 நாள் இடைவெளி என்றால் இரு முனையும் சேர்த்து 11 நாள், நாலு நாளுக்கு 2,400. 20 நாள் இடைவெளி என்றால் 21 நாள், 4,200ம் 6,300ம் சேர்த்து 10,500. டெஸ்ட்டில் இருந்த எண்கள் எங்கிருந்து வந்தன? ஃபங்ஷனை ஓட்டி, வந்த விடையை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த டெஸ்ட் கோடுக்குக் காவல் இருக்கவில்லை, தப்புக்குக் காவல் இருந்தது. சரியான திருத்தம் வந்தபோது டெஸ்ட்தான் சிவப்பாகிப் போனது.

எனவே ரிவ்யூவர் முதலில் கேட்பது: எதிர்பார்க்கும் விடை எங்கிருந்து வந்தது? எங்கள் டீமில் பில் சம்பந்தப்பட்ட டெஸ்ட்டுக்கு எண்களைக் கோட் எழுதுபவர் தருவதில்லை. யார்டு கணக்காளர் அக்கா காகிதத்தில் போட்டுத் தருகிறார். நாலு வரிக் கணக்கு, பத்து நிமிடம் ஆகும்.

அடுத்தது, கோடை வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பது. `gh pr checkout 214` என்று இறக்கி, ஒரு இடத்தை மாற்றி, `pytest` ஓட்டுங்கள். `1200` ஐ `1100` ஆக்கினேன், எல்லாம் பச்சை. 40 அடிக்கு டெஸ்ட்டே இல்லை என்பது தெரிந்தது. ஒரே வரியில் இரண்டு கிளை இருந்தால், வரியை எண்ணும் கவரேஜுக்கு அது தெரியாது. `d <= 7` ஐ `d <= 8` ஆக்கினேன், அதுவும் பச்சை. இலவச நாள் முடியும் எல்லையை யாரும் தொடவே இல்லை.

உடைக்கும் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாக வந்த தம்பி ஒருவர் `d <= 7` ஐ `d < 7` ஆக்கிப் பார்த்து, எந்த டெஸ்ட்டும் விழவில்லை, டெஸ்ட் மோசம் என்று எழுதினார். அந்த இடத்தில் எவ்வளவு நல்ல டெஸ்ட்டும் விழாது. `d` 7 ஆக இருக்கும்போது அடுத்த கிளைக்குப் போனாலும் `(d - 7)` பூஜ்யம்தான், விடை மாறாது. 14இலும் அதே கதை. உடைப்பு விடையை மாற்றுகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு பிறகு டெஸ்ட்டைக் குறை சொல்லுங்கள்.

இந்த ஃபங்ஷனுக்கு 2 வாங்க என்ன வேண்டும்? 7, 8, 14, 15ஆம் நாட்களில் இரண்டு அளவுக்கும் ஒவ்வொரு டெஸ்ட். ஒரே நாளில் வந்து போனது ஒன்று. அதிகாலை 1:40க்கு வந்தது ஒன்று. பத்துப் பதினொன்றில் முடிந்துவிடும். உடைப்பு ஒன்று பிடிபடாமல் தப்பித்தால், தப்பித்தது பணத்தை மாற்றும் இடம் என்றால் 0, பிழைச் செய்தியின் வாசகம் மாதிரி ஒன்று என்றால் 1.

வாசிப்பு எளிமை அவரவர் ரசனைதானே? அதற்கு எப்படி மார்க்?

ரசனை என்று பட்டால் எழுத வேண்டாம். இடைவெளி, மேற்கோள் குறி, வரி நீளம் எல்லாம் ஃபார்மேட்டர் பார்த்துக்கொள்ளும், மனிதர் அதற்குக் கமென்ட் எழுதக் கூடாது. நாங்கள் வைத்திருக்கும் நிபந்தனை ஒன்றுதான்: படிப்பவர் இதை எப்படித் தப்பாகப் புரிந்துகொள்வார் என்று சொல்ல முடிந்தால் எழுதுங்கள்.

மேலே உள்ள `calc` இல் 7 என்ற எண் மூன்று இடத்தில் வருகிறது. முதல் இரண்டும் இலவச நாட்கள். மூன்றாவது, `7 *` என்று வருவது, நடு ஸ்லாபின் நீளம், அதாவது 14இலிருந்து 7 போக மிச்சம். தற்செயலாக இரண்டும் ஒரே எண். இலவச நாளை 5 ஆக்கச் சொன்னால் ஒருவர் மூன்று ஏழையும் ஐந்தாக்குவார். மூன்றாவது 9 ஆக வேண்டும். இது ரசனை இல்லை, ஒரு நாள் நடக்கப்போகும் தப்பு. `t == 1` என்பது 20 அடியா 40 அடியா என்று கோடைப் பார்த்துச் சொல்ல முடியாததும் அப்படித்தான். ஆனால் `first` க்குப் பதில் `first_day` என்று வைக்கலாமே என்பது ரசனை, விட்டுவிடுங்கள்.

எழுதியவரிடம் ஒரு விஷயம் கேட்டுத்தான் புரிந்தது என்றால் 1. அந்தப் பதில் கமென்ட் பெட்டியிலேயே கிடக்கக் கூடாது, பெயராகவோ குறிப்பாகவோ கோடுக்குள் வர வேண்டும். அடுத்த வருஷம் படிப்பவர் அந்தப் பழைய உரையாடலைத் தேடிப்பிடிக்க மாட்டார்.

பராமரிப்புக்கு என்ன அளவுகோல்? நாளைக்கு என்ன மாறும் என்று யாருக்குத் தெரியும்?

நாளையை ஊகிக்க வேண்டாம், நேற்றைப் பாருங்கள். `git log --oneline -- billing/ground_rent.py` என்று அடித்தால் அந்தக் கோப்பு இதுவரை எதற்காகத் திறக்கப்பட்டது என்று தெரியும். எங்களுடையதில் பெரும்பாலும் ஒரே காரணம்: கட்டணம் மாறியது. எனவே கேள்வி, கட்டணம் மாறினால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும்? `calc` இல் இலவச நாளை மாற்ற மூன்று இடம், 20 அடியின் 600ஐ மாற்ற இரண்டு இடம். கீழே உள்ளதில் எதை மாற்றினாலும் ஒரே இடம்.

```python
SLABS = [  # எத்தனையாவது நாள் வரை, 20 அடி, 40 அடி
    (7, 0, 0),
    (14, 600, 1200),
    (None, 900, 1800),
]
```

ஒருவர் இதற்கும் மேலே போய், விதிகளை எழுதவே தனி மொழி ஒன்றும் அதை வாசிக்க 400 வரிக் கோடும் அனுப்பினார். உழைப்பு நிஜமானது, ஆனால் மூன்று வரி அட்டவணைக்கு அது தேவையில்லை. வரலாற்றில் ஒரு தடவைகூட வராத மாற்றத்துக்காகக் கட்டியதும் பராமரிப்புச் சுமைதான் என்று 0 போட்டோம். அவர் மனம் கொஞ்சம் வாடியது. நேரில் உட்கார்ந்து அந்த `git log` ஐ இருவரும் சேர்ந்து படித்த பிறகு சரி என்றார்.

புல் ரிக்வெஸ்ட் 1,400 வரி. நாலு வரிசையும் பார்க்க ஒரு நாள் ஆகுமே?

பார்க்க வேண்டாம், பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். சிஸ்கோவில் நடந்த ரிவ்யூக்களை வைத்து ஸ்மார்ட்பேர் செய்த ஆய்வு ஒரு அமர்வுக்கு 200 முதல் 400 வரி என்று சொன்னது. எங்கள் அனுபவமும் அதை ஒட்டியே இருக்கிறது. பெயர் மாற்றமும் கோப்பு நகர்த்தலும் ஒரு புல் ரிக்வெஸ்ட், கணக்கு மாற்றம் இன்னொன்று. கலந்து வந்தால் நகர்த்தலுக்குள் கணக்கு மாற்றம் ஒளிந்துகொள்ளும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணாவின் புல் ரிக்வெஸ்ட்டுக்கு நான் எப்படி 0 போடுவேன்?

கருத்தாக எழுதினால் சங்கடம், கணக்காக எழுதினால் சங்கடம் குறைவு. "இது தப்பு அண்ணா" என்று எழுதத் தேவையில்லை. "அண்ணா, மார்ச் 3 அதிகாலை 1:40 உள்ளே, மார்ச் 10 இரவு 11:10 வெளியே. ஒப்பந்தப்படி எனக்கு 600 வருகிறது, ஓட்டினால் 0 வருகிறது. நான் எங்கேயாவது தவறவிட்டேனா, பார்க்கிறீர்களா?" என்று எழுதுங்கள். இதற்கு யாரும் கோபப்பட முடியாது, ஏனென்றால் அவரே ஓட்டிப் பார்க்கலாம். நீங்கள் தவறவிட்டிருந்தாலும் அது உடனே தெரிந்துவிடும்.

கட்டாயம் 0 இல்லாத விஷயத்துக்கு முன்னால் "விருப்பம்:" என்று போட்டுவிடுங்கள். எதைச் செய்தால்தான் மெர்ஜ் ஆகும், எது சும்மா சொன்னது என்று புரியாமல் தவிப்பதுதான் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் எரிச்சல். மூன்று சுற்றுக்கு மேல் கமென்ட் போய்வந்தால் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். முடிவை மட்டும் பிறகு எழுதி வைத்தால் போதும்.

மார்க்கை எங்கே எழுதுவது?

`.github/pull_request_template.md` கோப்பில் நாலு வரிசைக்கும் இடம் விட்டிருக்கிறோம். அனுப்புபவர் முதலில் தனக்குத்தானே போட்டுக்கொள்கிறார். ரிவ்யூவர் கீழே தன்னுடையதைப் போடுகிறார். இருவரும் வேறுபடும் வரிசையைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

ராத்திரி 2 மணி, கேட்டில் பில் வரவில்லை, டிரெய்லர்கள் நிற்கின்றன. அப்போதும் நாலு வரிசையா?

அப்போது முதல் வேலை `git revert`. கடைசியாக மெர்ஜ் ஆனதைத் திருப்பினால் சரியாகும் என்றால் அதைச் செய்துவிட்டுத் தூங்கப் போகலாம். திரும்பப் பெறுவதற்கு மதிப்பெண் தேவையில்லை, இன்னொருவர் பார்த்தால் போதும்.

திருப்ப முடியாது, புதுத் திருத்தம்தான் வேண்டும் என்றால் இரண்டு வரிசை மட்டும் பார்க்கிறோம். சரித்தன்மை 2 ஆக இருக்க வேண்டும். திருத்தத்துக்கு முன்னால் சிவப்பாகவும் பின்னால் பச்சையாகவும் இருக்கும் டெஸ்ட் ஒன்றாவது வேண்டும். அந்தச் சிவப்பை ரிவ்யூவர் தன் மெஷினில் பார்த்திருக்க வேண்டும். வாசிப்பு எளிமையும் பராமரிப்பும் 0 ஆக இருந்தாலும் உள்ளே விடுகிறோம். ஆனால் இரண்டு வேலை நாளுக்குள் அதே இருவரும் மீதியை முடிக்க வேண்டும், அதற்கான டிக்கெட் மெர்ஜ் செய்வதற்கு முன்பே திறந்திருக்க வேண்டும். மெர்ஜ் ஆன பிறகு திறக்கலாம் என்று விட்ட இரண்டு தடவையும் டிக்கெட் திறக்கப்படவே இல்லை. அந்த இரண்டு தற்காலிகத் திருத்தங்களும் எட்டு மாதம் கழித்து நான் கட்டணம் மாற்றப் போனபோது அப்படியே இருந்தன.